ஹைட்ராக்ஸியூரியா வலி மாத்திரை அல்ல: சிக்கிள் செல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு மலைக் கிராமங்களில் சிக்கிள் செல் நோயுள்ள பிள்ளை வளரும் வீட்டில், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பனியில் நிற்கக் கூடாது என்பதெல்லாம் பாட்டிக்கும் தெரியும். அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றில், தினமும் போட வேண்டிய ஹைட்ராக்ஸியூரியாவை வலி வரும்போது மட்டும் போடுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பிறந்த குழந்தையின் ‘நெகட்டிவ்’ முடிவை நம்புவது

பிரசவம் முடிந்த சில நாட்களில் குழந்தைக்கு, சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று பார்க்கும் கரைதிறன் சோதனை செய்து, ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் அந்தச் சோதனை செல்லாது. காரணம் குழந்தையின் ரத்தத்திலேயே இருக்கிறது.

கருவுக்கு நுரையீரல் வேலை செய்யாது. நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டும். அதனால் தாயின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடிக்கும் தனி வகை ஹீமோகுளோபின் கருவில் உருவாகிறது. அதுதான் கரு ஹீமோகுளோபின். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலியும் இரண்டு பீட்டா சங்கிலியும் இருக்கும். கரு ஹீமோகுளோபினில் பீட்டாவின் இடத்தில் காமா சங்கிலி இருக்கும். பிறக்கும்போது மொத்த ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இதுவே. பிறகு காமா உற்பத்தி அடங்கி, பீட்டா உற்பத்தி தலையெடுக்கிறது. நோயில்லாத குழந்தைக்கு ஒரு வயதுவாக்கில் கரு ஹீமோகுளோபின் ஓரிரு சதவீதத்துக்கு வந்துவிடும்.

சிக்கிள் செல் கோளாறு இருப்பது பீட்டா சங்கிலியில். அந்தச் சங்கிலியின் உற்பத்தி சூடு பிடிக்காத வரை நோய் வெளியே தெரியாது, கரைதிறன் சோதனைக்கும் அகப்படாது. ஆறு மாதத்துக்குப் பிறகு கையும் காலும் வீங்கிக் குழந்தை அழும்போதுதான் வீட்டார் திடுக்கிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஹெச்.பி.எல்.சி. போன்ற, ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் சோதனைதான் வேண்டும்.

வலி வந்தால் போடுவது, வலி நின்றால் நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான், ஏனென்றால் கையில் மருந்து இருந்தும் பிள்ளை துடிக்கிறது.

ஹைட்ராக்ஸியூரியா வலியைத் தொடுவதே இல்லை. அது வேலை செய்யும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே வேகமாகப் பெருகும் செல்களை அது கொஞ்சம் தடுக்கிறது. மஜ்ஜை அவசரப்பட்டு, இன்னும் முதிராத முன்னோடிச் செல்களை வேலைக்கு இழுக்கிறது. அவற்றில் காமா சங்கிலி உண்டாக்கும் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. ஆகவே அவற்றிலிருந்து பிறக்கும் சிவப்பணுக்களில் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது.

அதனால் என்ன லாபம்? ஆக்சிஜனை இழந்த சிக்கிள் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. அந்த இழைகள்தான் செல்லை அரிவாள்போல வளைத்து, சிறு ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. கரு ஹீமோகுளோபின் இந்த இழையில் சேராது. ஒரு செல்லுக்குள் அது எவ்வளவு கூடுகிறதோ, இழை கட்டுவது அவ்வளவு தாமதமாகும்.

மாத்திரை போட்ட அன்றைக்கு இதில் எதுவும் நடக்காது. புதிய சிவப்பணுக்கள் பிறந்து, பழையவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். வலி குறைவது தெரிய மூன்று மாதமாவது ஆகும், முழுப் பலனுக்கு ஆறு மாதம் பிடிக்கும். மருந்தோ சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். தினமும் போட்டால்தான் மஜ்ஜை மீது அந்த அழுத்தம் நிற்கும்.

ஒரு கணக்கோடு பார்க்கலாம். 25 கிலோ எடையுள்ள ஒன்பது வயதுச் சிறுமி. ஆரம்ப அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால், தினம் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று. ஆரம்பத்தில் அவளுடைய கரு ஹீமோகுளோபின் 12 சதவீதம், சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 82. ஒரு மாதம் கழித்துக் கரு ஹீமோகுளோபின் 13தான், ஆனால் வெள்ளையணு 14,000-லிருந்து 9,000-க்கு இறங்கியிருக்கிறது. அதே வாரம், காபி பழம் பறிக்கும் மார்கழிக் குளிரில் அவளுக்கு வலி வருகிறது. “மாத்திரை போட்டும் வலி வந்துருச்சுங்க, ரத்தமும் கொறஞ்சு போச்சாம்” என்று தாய் மருந்தை நிறுத்துகிறார்.

இரண்டு முடிவுமே தவறு. வெள்ளையணு இறங்குவது மருந்து மஜ்ஜையைத் தொட்டதற்கான அடையாளம். வலி வந்ததற்குக் காரணம், கரு ஹீமோகுளோபின் ஏற இன்னும் காலம் ஆகவில்லை என்பது.

நிறுத்தாமல் இருந்திருந்தால்? நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணப்படும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில் 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் நிற்கும்படி, ரத்தம் உறைய உதவும் தட்டணு 80,000-க்குக் கீழே போகாதபடி மருத்துவர் அளவை நகர்த்துவார். எட்டு வாரத்துக்குப் பிறகும் நியூட்ரோஃபில் 4,000-க்கு மேலேயே இருந்தால், கிலோவுக்கு 5 மில்லிகிராம் கூட்டலாம். உச்ச வரம்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலை உடைக்காமலே இதைச் செய்யலாம்: வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. தினசரிச் சராசரி சுமார் 643 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 26. எந்த இரண்டு நாள் என்பதைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்தால்தான் வீட்டில் குழப்பம் வராது. இப்படிப் போனால், ஆறாம் மாதம் கரு ஹீமோகுளோபின் 20 சதவீதத்தைத் தாண்டுவதும் எம்.சி.வி. 100-ஐ நெருங்குவதும் எதிர்பார்க்கக் கூடியதே.

அணு எண்ணிக்கை வரம்புக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அது தற்காலிகம். வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஏறியதும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் குறைத்துத் திரும்பத் தொடங்குவார்கள். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதி அதோடு கைகழுவுவது சிகிச்சை அல்ல.

மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று அறியவும் எம்.சி.வி. உதவும். மாதங்கள் ஓடியும் அது நகரவில்லை என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன்னால் வீட்டில் மிச்சமிருக்கும் கேப்ஸ்யூல்களை எண்ணச் சொல்லுங்கள். மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி மருந்து வாங்குபவர்கள், பஸ் தவறிய ஒரு வாரத்தைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். திட்டினால் அடுத்த முறையும் மறைப்பார்கள். கையிருப்பு பத்து நாளைக்குக் குறையும் முன்பே அடுத்த மாத மருந்தை வாங்கிவிட ஏற்பாடு செய்யுங்கள்.

எடையைப் பார்க்காமல் பழைய சீட்டையே தொடர்வது

அதே சிறுமி இரண்டு ஆண்டில் 33 கிலோ ஆகிறாள். அதே 643 மில்லிகிராம் இப்போது கிலோவுக்கு 20-க்கும் கீழே. ‘மருந்து கேட்கவில்லை’ என்பதற்கு முன் பிள்ளையைத் தராசில் ஏற்றி எடை பாருங்கள்.

சிக்கிள் தன்மை மட்டும் உள்ளவருக்கு மருந்து கேட்பது

தேவையில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது.

கேப்ஸ்யூலை வெறுங்கையால் பிரித்துக் கலக்குவது

கூடாது. கர்ப்பிணிகள் அந்தப் பொடியைத் தொடவே கூடாது. விழுங்க முடியாத குழந்தைக்குத் திரவ வடிவம் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கர்ப்பம் உறுதியான பிறகு சொல்வது

பிள்ளைப்பேறுக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஆண்களும்தான்.

காய்ச்சலை மருந்தின் கணக்கில் போடுவது

101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனை. சிக்கிள் செல் பிள்ளையின் மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். ஹைட்ராக்ஸியூரியா போடுகிற பிள்ளை என்றால், போனதும் முதலில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.