திருகோணமலையில் இறங்கியதும் போனில் காத்திருக்கும் ஒப்புதல்கள்: எது உங்களுடையது?

கட்டுநாயக்காவில் இறங்கி, ஹபரணை, கந்தளாய் என்று ராவோடு ராவாக வான் பிடித்து வந்து, உப்புவெளி விடுதியில் வைஃபை கிடைத்ததும் போன் விடாமல் அதிரும். வட்ஸ்அப் குரல்பதிவுகளுக்கும் வங்கிச் செய்திகளுக்கும் நடுவே, “உள்நுழைய முயல்வது நீங்களா?” என்று கேட்கும் அறிவிப்புகளும் இரண்டு மூன்று கிடக்கும். பயணக் களைப்பில் விரல் தானாகவே ‘ஆம்’ பக்கம் போகும். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது இலகு. கூகுள் கணக்கிலோ மைக்ரோசொஃப்டின் ஒதென்டிகேட்டர் செயலியிலோ வரும் கேள்வி அநேகமாக எப்போதும் உண்மையானது. அதை அந்த நிறுவனம்தான் அனுப்புகிறது, திருடன் அனுப்புவதில்லை. ஆனால் கேள்வி எழக் காரணமானவர் நீங்களா, வேறு ஒருவரா என்பது அந்த அறிவிப்பின் தோற்றத்தில் தெரியாது. அதனால் எழுத்துப்பிழை தேடுவதும் சின்னத்தை உற்றுப் பார்ப்பதும் இங்கே உதவாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: அறிவிப்பின் மேலே செயலியின் பெயருக்குப் பதிலாக குரோம் போன்ற உலாவியின் பெயர் இருந்தால், அது ஏதோ ஒரு இணையத்தளம் தள்ளிய விளம்பரம். திறக்காமலே அழித்துவிடலாம்.

அடுத்தது, எல்லோரும் முதலில் பார்க்கும் இடப்பெயர். ஊருக்கு வந்தவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கேள்வியில் வரும் ஊர்ப்பெயர் ஜிபிஎஸ் சொல்வதல்ல. உள்நுழையும் கருவியின் ஐபி எனப்படும் இணைய முகவரி எந்த இடத்தில் பதிவாகியிருக்கிறதோ அதுதான். நிலாவெளிக் கடற்கரையில் இருந்துகொண்டு டயலொக் அல்லது மொபிடெல் டேட்டாவில் உள்நுழைந்தால் கொழும்பு என்று காட்டலாம். கனடா சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் டேட்டா பெரும்பாலும் சொந்த நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால், நீங்கள் திருமலையில் நிற்க அது கனடா என்று காட்டும். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம்மோ சிங்கப்பூர், ஹொங்கொங் என்று நீங்கள் காலே வைக்காத ஊரைச் சொல்லும். உங்கள் சொந்தக் கேள்வியே அந்நியமாகத் தெரியலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது: கடவுச்சொல்லைத் திருடியவர் உங்கள் நாட்டு இணைய முகவரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, உங்கள் வீட்டு ஊரையே காட்ட வைக்கலாம். ஊர்ப்பெயர் சரியாக இருக்கிறது என்பதற்காக ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.

நம்பக்கூடியது நேரம்தான். அதிலும் ஒரு பொறி உண்டு. அறிவிப்புப் பட்டையில் தெரிவது பெரும்பாலும் அது போனுக்கு வந்து சேர்ந்த நேரம். பறப்பிலும் கந்தளாய்க் காட்டுப் பக்கம் சிக்னல் விட்டுப்போன இடத்திலும் தேங்கி நின்றதெல்லாம் ஒரே நிமிடத்தில் வந்தது போல அடுக்கி நிற்கும். கேள்வி எழுந்த நேரம், அதைத் திறந்தால் உள்ளே இருக்கும்; இல்லாவிட்டால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும். கூகுளுக்கு myaccount.google.com போய் Security பகுதியைப் பார்க்கலாம். வேலையிட மைக்ரோசொஃப்ட் கணக்குக்கு mysignins.microsoft.com. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், வந்த இணைப்பை அழுத்திப் போக வேண்டாம்.

ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். ஓகஸ்ட் மாதம், ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர். அங்கே கோடை நேரம் என்பதால் இலங்கை நேரம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. உப்புவெளியில் காலை 6.30க்கு வைஃபை பிடித்ததும் கூகுளிலிருந்து ஒரு கேள்வியும், வேலையிடக் கணக்கிலிருந்து மூன்று கேள்விகளும் கிடக்கின்றன.

கூகுள் கேள்வியின் உள்ளே இருக்கும் நேரம் இலங்கையில் இரவு 12.10. ரொறன்ரோவில் அப்போது முந்தைய நாள் பகல் 2.40. கருவியின் இடத்தில் தொலைக்காட்சி என்று போட்டிருக்கிறது. இதைக் கண்டதும் கடவுச்சொல்லை மாற்றப் பாய வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். காலை 6.30 என்றால் அங்கே இரவு 9 மணி, பிள்ளைகள் முழிப்பாகத்தான் இருப்பார்கள். “ஓம் அப்பா, நான்தான் டிவில யூடியூப் போட்டனான், அது உங்கட போன்ல கேட்டுக்கொண்டு நிண்டது” என்று மகன் சொன்னால் விசயம் முடிந்தது. அப்போதும் பழைய கேள்விக்கு ‘ஆம்’ அழுத்தாதீர்கள். அது சில நிமிடங்களிலேயே காலாவதியாகியிருக்கும். மகன் திரும்ப முயற்சி செய்யட்டும், புதிதாக வருவதற்கு, அவன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒப்புதல் கொடுக்கலாம்.

வேலையிடக் கணக்கின் மூன்று கேள்விகளும் இரவு 2.05, 2.06, 2.08 என்று நிற்கின்றன. இடம் மிசிசாகா, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் வேலை மடிக்கணினி அந்த நேரம் அணைத்தபடி வான் வண்டியில் பைக்குள் கிடந்தது. வீட்டில் வேறு எவருக்கும் அந்தக் கணக்கு இல்லை. மூன்று நிமிடத்துக்குள் மூன்று தரம் கேட்டது வேறு. இது திருட்டு முயற்சியாகவே எடுக்க வேண்டியது. தொடர்ந்து கேட்டுக் கேட்டுச் சலிக்க வைத்து ஒப்புதல் வாங்கும் வழி இது. 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்ததும் இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளில் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டதாக ஊபரே அறிவித்தது.

அதன் பிறகு 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசொஃப்ட் தன் செயலியில் வெறும் ‘ஆம்’ பொத்தானை விட்டு, எண் கேட்கும் முறையைக் கட்டாயமாக்கியது. உள்நுழையும் திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று தோன்றும், அதைப் போனில் தட்ட வேண்டும். கூகுளும் சில வேளைகளில் மூன்று எண்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும். உங்கள் முன்னால் எண் காட்டும் திரை எதுவும் இல்லையென்றால் அந்தக் கேள்வி உங்களுடையதல்ல. இது நல்ல சோதனைதான், ஆனால் இரண்டு இடத்தில் தோற்கும்.

ஒன்று, தொலைபேசி அழைப்பு. “ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், நீங்கள் இலங்கையில் இருப்பதால் கணக்கைச் சரிபார்க்கிறோம், போனில் 47 என்று போடுங்கள்” என்பார்கள். 47 அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் தெரிகிற எண். அதைப் போட்ட கணமே அவர்கள் உள்ளே. நீங்கள் ஊருக்குப் போனது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மலைக்கவும் வேண்டாம், கோணேஸ்வரர் கோயில் வாசலில் எடுத்த படத்தை நீங்களே போட்டிருப்பீர்கள். எந்த நிறுவனத்தின் ஆளும் எண்ணைத் தொலைபேசியில் சொல்லித் தட்டச் சொல்வதில்லை.

மற்றது, போலி உள்நுழைவுப் பக்கம். சுங்கத்தில் பொதி நிற்கிறது, விசாவை நீடிக்க வேண்டும் என்று வரும் குறுஞ்செய்தியின் இணைப்பிலோ, விடுதி வைஃபையின் முதல் பக்கத்திலோ மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டால், பின்னால் இருப்பவர் நீங்கள் தட்டியதை அதே வேகத்தில் உண்மையான தளத்தில் போடுவார். உண்மையான எண் போலிப் பக்கத்திலும் தோன்றும், போனில் உண்மையான கேள்வியும் வரும், எல்லாம் பொருந்தும். விடுதி வைஃபை, விடுதிக்காரர் எழுதித் தந்த கடவுச்சொல்லையோ அறை எண்ணையோ கேட்கலாம். ஜிமெயில் கடவுச்சொல்லை அது கேட்டால் அந்த இணைப்பை விட்டுவிட்டு உங்கள் சிம் டேட்டாவில் போங்கள்.

சந்தேகமான கேள்விக்கு மறுப்புக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். கூகுளில் No, it's not me அழுத்தினால் அந்த முயற்சி தடுக்கப்பட்டு, கடவுச்சொல்லை மாற்றும்படி வழிகாட்டும். வேலையிடக் கணக்கில் மட்டும் ஒரு கவனம்: நிறுவனம் அப்படி அமைத்திருந்தால், மறுப்போடு சேர்த்து சந்தேக முறைப்பாடு கொடுத்ததும் உங்கள் கணக்கே பூட்டப்படலாம். எனவே திருட்டு முயற்சி என்றால் முறைப்பாடு கொடுத்து, உங்கள் ஐடி பிரிவுக்கும் ஏற்கனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அழைத்துச் சொல்லுங்கள். உங்களுடைய சொந்த முயற்சிதான், பிந்தி வந்துவிட்டது என்றால் ஒன்றும் அழுத்தாமல் காலாவதியாக விடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா? கடவுச்சொல்லுக்குப் பிறகே ஒப்புதல் கேட்கும் கணக்கு என்றால் கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனென்றால் கேள்வி வந்ததே சரியான கடவுச்சொல் எவரோ கையில் இருப்பதற்கு அடையாளம். கடவுச்சொல்லே இல்லாமல் போன் ஒப்புதலால் மட்டும் திறக்கும் கணக்கு என்றால், உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்த எவரும் கேள்வியை எழுப்பலாம். ஐபோனில் கடவுச்சொல்லை மீட்டமைக்கச் சொல்லி அடுக்கடுக்காக வருவதும் இந்த வகை, அதற்கு Don't Allow மட்டும் போதும்.

மாற்றுவதற்கு முன், மாற்றிய பின் உள்ளே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளிலிருந்து கணக்கு வெளியேற்றப்படும், புதிய நாடு என்பதால் கூடுதல் சரிபார்ப்பும் கேட்கும். இதற்காகத்தான் புறப்படும் முன் கூகுளின் 10 காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தரம் மட்டுமே செல்லும். வெளிநாட்டு சிம்மை கழற்றி வைக்காதீர்கள். டேட்டா ரோமிங்கை நிறுத்தி இரண்டாவது சிம்மாக விட்டால் வங்கியின் குறுஞ்செய்தி வரும். ஒதென்டிகேட்டர் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீட்டுக்கு டேட்டாவே தேவையில்லை, ஆனால் போனின் மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். நேர வலயத்தைத் தானாக மாற விடாமல், மணியைக் கையால் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே நகர்த்தியவர்களுக்குத்தான் “குறியீடு பிழை” என்று திரும்பத் திரும்ப வரும்.

தவறுதலாக ‘ஆம்’ அழுத்திவிட்டால் கடவுச்சொல்லோடு நிறுத்தாதீர்கள். பாதுகாப்புப் பக்கத்தில் தெரியாத கருவியை முதலில் வெளியேற்றி, பிறகு மீட்பு மின்னஞ்சலும் மீட்புத் தொலைபேசி எண்ணும் உங்களுடையவைதானா, புதிய ஒதென்டிகேட்டர் ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய், அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் கட்டளையோ புதிய வடிகட்டியோ இருக்கிறதா என்று தேடுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது தானாக அழியாது, உங்கள் வங்கி அஞ்சல் அந்த வழியால் போய்க்கொண்டேயிருக்கும்.