"எப்பவும் கிண்டல் பண்றான் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. லோரி நிறுக்கும் இடத்தில் தோட்டத்துப் பெண் ஒருத்தி கிராணி என்று வைத்துக்கொள்வோம். வாக்கி டாக்கியில் லோரி நம்பர் சொல்லும்போது எட்டு என்பதை ஆங்கிலத்தில் 'யெய்ட்டு' என்பாள். ஈப்போவில் வளர்ந்த சக ஊழியன், அவனும் தமிழன்தான், உடனே "யெய்ட்டு, யெய்ட்டு" என்று இழுப்பான். வரிசையில் நிற்கும் லோரிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்.

மேனேஜரிடம் போய் "எப்பவும் கிண்டல் பண்றான்" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? அவனைக் கூப்பிட்டுக் கேட்பார், "எப்போ சார்?" என்பான், பேச்சு முடிந்தது. மலேசியாவின் வேலைச் சட்டம் 1955-இன் 14ஆம் பிரிவுப்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரைத் தண்டிக்குமுன் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரணையில் நிற்பது நாளும் சொல்லும்தான், "எப்பவும்" நிற்காது.

அதனால் மூன்று சம்பவம் போதும். "திங்கள் காலை ஒன்பதரை மணி, வாக்கி டாக்கியில், மூணு லோரிக்காரங்க கேட்டாங்க. புதன் சாப்பாட்டு நேரம், கேண்டீன்ல, என்னை மாதிரியே பேசிக் காட்டினார். வெள்ளிக்கிழமை, 'வேணாம், நிறுத்துங்க'ன்னு சொன்ன பிறகும் பேசினார்." மூன்றாவதுதான் கனமானது. வேண்டாம் என்று சொன்னது தெரிந்தபின் "விளையாட்டுக்குச் சொன்னேன்" எடுபடாது.

இன்னொரு தவறு, உண்மையான குழப்பத்தையும் இதில் சேர்ப்பது. பதின்மூன்று டன்னா, முப்பது டன்னா என்று அவன் திருப்பிக் கேட்டால் அது வேலை. ஆங்கிலத்தில் இரண்டும் யார் வாயிலும் ஒன்றுபோல்தான் விழும். அதையும் குற்றமாகச் சொன்னால், மற்ற மூன்றும் சேர்ந்து வலுவிழக்கும். "எடை புரியலைன்னா கேட்கட்டும் சார், எண்ணை ஒவ்வொண்ணா சொல்றேன். மாதிரி பேசிக் காட்டுறதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

காலைப் பிரட்டில், எல்லார் முன்னாலும், கோபம் ஆறாமல் பேசாதீர்கள். பத்து நிமிஷம் தனியாக வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். போன வருஷத்து ஓவர்டைம் சண்டையை அங்கே கொண்டுபோக வேண்டாம். நடந்ததைச் சொல்லும்போது அவன் குரலை நீங்கள் நடித்துக் காட்டவும் வேண்டாம்; மேனேஜர் சிரித்துவிட்டால் கதை வேறு பக்கம் போய்விடும்.

"உங்க ஆளுங்களுக்குள்ள விளையாட்டுதானே" என்பார் சில மேனேஜர். வாதாடாமல், "லோரிக்காரங்க முன்னாடி நடக்குது சார், நம்பர் சொல்லவே தயங்குறேன்" என்றால் அது அவருடைய பிரச்சினையாகிவிடும். தயங்கினால் வரிசை நீளுமே.

அன்று மாலையே ஒரு சின்ன வாட்சப்: இன்று பேசினோம், அவரிடம் சொல்வதாகச் சொன்னீர்கள், நன்றி. பிறகு மறுபடி நடந்தால் அந்தத் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். மேனேஜர் சொன்ன பிறகு நடந்தது என்பதால், அடுத்த பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம்.