லாபம் ஏறியதா, ஏறியதாகத் தெரிகிறதா: வாட்டர்ஃபால் சார்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவன அறிக்கையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். இடது ஓரத்தில் தரையில் ஊன்றி நிற்கும் ஒரு பட்டை, அது போன ஆண்டு லாபம். வலது ஓரத்தில் இன்னொன்று, அது இந்த ஆண்டு லாபம். நடுவே பச்சையும் சிவப்புமாக அந்தரத்தில் தொங்கும் பட்டைகள், படிக்கட்டு போல ஏறி இறங்குகின்றன. இதைத்தான் வாட்டர்ஃபால் சார்ட் என்கிறார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் 'பிராஃபிட் பிரிட்ஜ்' என்றும் சொல்வார்கள். பார்த்ததும் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அங்கேதான் சறுக்குகிறோம்.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம், எண்கள் நானே போட்டவை. போன ஆண்டு லாபம் 120 கோடி. அப்புறம் படிகள் இப்படிப் போகின்றன: விற்பனை அளவு +30, விலை உயர்வு +18, மூலப்பொருள் −42, சம்பளம் −12, நிலம் விற்றது +25, மற்றவை −4. கடைசிப் பட்டை 135. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். எந்தச் சார்ட்டிலும் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுவிடுவது நல்லது. ரவுண்ட் செய்ததால் ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் இடித்தால் ஏதோ ஒரு படி ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது எண் தவறு.

அடிக்கடி பார்க்கும் தவறு, மூலப்பொருளுக்கு நேரே −42 என்று இருப்பதைப் பார்த்து "மூலப்பொருளுக்கு 42 கோடி செலவு" என்று சொல்லிவிடுவது. ஓரத்தில் இருக்கும் இரண்டு பட்டைகள்தான் மொத்தத் தொகை. நடுவில் இருப்பவை எல்லாம் போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம். மூலப்பொருள் செலவு 300 கோடியிலிருந்து 342 கோடி ஆகியிருக்கலாம், அப்போதும் சார்ட்டில் 42தான் இருக்கும். நிறமும் அப்படித்தான். சிவப்பு என்றால் செலவு, பச்சை என்றால் வரவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவு குறைந்தால் லாபம் கூடும், ஆகவே அந்தப் படி பச்சையில் வரும்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. படிகளை இடமிருந்து வலமாகப் படிப்பதால் அதைக் காலவரிசையாக எடுத்துக்கொள்கிறோம். நம் கணக்கில் விலை உயர்வு முடிந்ததும் கோடு 168-ஐத் தொடுகிறது, மூலப்பொருள் வந்ததும் 126-க்கு விழுகிறது. "லாபம் 168 வரை போய், பிறகு சரிந்தது" என்று இதைச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மாதத்திலும் லாபம் 168 ஆக இருக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தவற்றை வரிசையாக அடுக்கியதால் பிறந்த எண் அது. மூலப்பொருளை முதல் படியாக வைத்துப் பாருங்கள்: 120 உடனே 78-க்கு விழும், பிறகு விற்பனையும் விலையும் அதை மெல்ல மேலே தூக்கும். அதே எண்கள், அதே 135. ஆனால் முதல் படம் "நல்லா போய்க்கொண்டிருந்தோம், செலவு இழுத்துவிட்டது" என்கிறது, இரண்டாவது "நெருக்கடியிலிருந்து மீண்டோம்" என்கிறது. வரிசையை முடிவு செய்வது சார்ட் போட்டவர். அதனால் ஒரு படியின் நீளத்தை மட்டும் படியுங்கள், அது எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

அடுத்தது அச்சு. என்னைப் பொறுத்தவரை, கண்ணை அதிகம் ஏமாற்றுவது இதுதான். 120-க்கும் 135-க்கும் உள்ள ஏற்றம் 12.5 சதவீதம். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 100-இல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் 20, கடைசிப் பட்டையின் உயரம் 35. கண்ணுக்கு லாபம் முக்கால் பங்கு கூடிவிட்ட மாதிரித் தெரியும். சில சமயம் இதை ஏமாற்ற என்று செய்வதில்லை. தொடக்க லாபம் மிகப் பெரிதாக இருந்து படிகள் சிறிதாக இருந்தால், பூஜ்யத்திலிருந்து வரைந்தால் படிகள் கண்ணுக்கே தெரியாது. அப்படி அச்சின் அடியை வெட்டும்போது பட்டையின் அடியில் ஒரு நெளிகோடு போட்டுக் காட்ட வேண்டும். பலர் போடுவதில்லை.

அறிக்கைகளில் பெரும்பாலும் இடப்பக்க அச்சின் எண்களையே எடுத்துவிடுகிறார்கள், பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் ஒரு அளவுகோலை வைத்தால் போதும். 120 பட்டை, 42 படியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு உயரமாக இருக்க வேண்டும். அது 42 படியில் பாதிகூட இல்லை என்றால் அடி வெட்டப்பட்டிருக்கிறது. அப்படி வெட்டியிருந்தாலும் நடுப்படிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அவற்றின் நீளம் சரியாகவே இருக்கும். ஓரப் பட்டைகளை மட்டும் உயரம் பார்த்து ஒப்பிட முடியாது, எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த +25-க்கு வருவோம். நிலம் விற்றதில் கிடைத்த லாபமும் விற்பனை கூடியதால் வந்த லாபமும் ஒரே பச்சையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். அதை எடுத்துவிட்டால் இந்த ஆண்டு லாபம் 110. அதாவது தொழில் 120-இலிருந்து 110-க்கு இறங்கியிருக்கிறது, சார்ட் ஏற்றமாக முடிகிறது. இன்னொன்றும் உண்டு: அடுத்த ஆண்டு சார்ட் 135-இல் தொடங்கும், மறுபடி அப்படி ஒரு விற்பனை இல்லையென்றால் அதில் −25 என்று ஒரு சிவப்புப் படி வந்தே தீரும். ஆகவே ஒவ்வொரு படியையும் பார்த்து, "இது அடுத்த ஆண்டும் இருக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் சரக்கு போனது மாதிரியான ஒருமுறை நட்டத்துக்கும் இதே கேள்விதான், அங்கே பதில் நிறுவனத்துக்குச் சாதகமாக இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் என்பதால் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டும்போது முதலில் போவது தலைப்பும் அடிக்குறிப்பும். இது வரிக்கு முந்தைய லாபமா, நிகர லாபமா, 'சரிசெய்யப்பட்ட' லாபமா என்பது அங்கேதான் எழுதியிருக்கும். 'விற்பனை அளவு +30' என்பதற்கு என்ன பொருள் என்பதும் அங்கேதான். கூடுதலாக விற்ற சரக்குக்கான மூலப்பொருள் செலவைக் கழித்த பிறகு 30 என்றால், −42 என்பது விலையேற்றத்தை மட்டும் குறிக்கும். கழிக்கவில்லை என்றால் அந்த −42-இல் ஒரு பகுதி, அதிகம் விற்றதாலேயே வந்த செலவு. இது தெரியாமல் "மூலப்பொருள் விலை நம்மைக் கொன்றுவிட்டது" என்று முடிவு கட்ட முடியாது. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவரிடம் அறிக்கையின் முழுப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக 'மற்றவை'. அது நிகரத் தொகை. −4 என்பதற்குள் +20-உம் −24-உம் ஒளிந்திருக்கலாம். மொத்த மாற்றம் 15 ஆக இருக்கும்போது 4 என்பது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதுவே 12 ஆக இருந்தால் லாபம் ஏன் மாறியது என்பதை அந்தச் சார்ட் இன்னும் சொல்லவே இல்லை.