பலகை விளையாட்டுக்குப் பெயர் வைப்பது எப்படி? ஒரு செய்முறை விளக்கம்

ஆடு புலி ஆட்டம் என்று சொன்னவுடனேயே பாதி விதி புரிந்துவிடுகிறது. இரண்டு பக்கங்கள், ஒன்று தின்னும், மற்றது தின்னப்படும். 15 ஆடுகளுக்கு எதிராக 3 புலிகள்தானா என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. புலி வலியது, ஆடுகள் கூட்டமாகச் சேர்ந்துதான் அதை மடக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. சொந்தமாக ஒரு பலகை விளையாட்டை வடிவமைப்பவர் பெயரிடம் எதிர்பார்க்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

வெறும் அறிவுரையாகச் சொன்னால் மனத்தில் நிற்காது என்பதால், ஒரு விளையாட்டைக் கற்பனை செய்துகொண்டு அதற்குப் படிப்படியாகப் பெயர் வைத்துப் பார்ப்போம். ஏரிப் பாசனம்தான் களம். நான்கு பேர், நான்கு வயல்கள், ஒரே ஏரி. வயல்கள் வாய்க்காலை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. ஏரிக்கு அருகில் இருப்பவர் முதலில் தண்ணீர் எடுப்பார். கடைசியில் இருப்பவருக்கு மிச்சம்தான். ஒவ்வொரு போகத்துக்கும் வயல்கள் கைமாறும். கடைசி வயல் காய்ந்துபோனால் நான்கு பேருமே தோற்பார்கள். காயாமல் தப்பித்தால், அதிக நெல் சேர்த்தவர் வெல்வார். தண்ணீரைக் குறிக்கச் சின்ன நீலக் கட்டைகள், மழைக்குச் சீட்டுகள், ஏரியில் சேரும் வண்டலுக்குப் பழுப்பு வில்லைகள்.

படி 1: ஆடுபவரின் அச்சத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பெயர் தேடத் தொடங்கும்போது கை நேராகக் களத்தின் பொதுப் பெயரை நோக்கித்தான் போகும்: ‘ஏரி’, ‘விவசாயி’, ‘பசுமை’. இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதே பெயரை ஒரு வங்கிக் கடன் திட்டத்துக்கும் வைக்கலாம், உர மூட்டைக்கும் வைக்கலாம். விளையாட்டில் என்ன நடக்கிறது என்று அவை சொல்வதில்லை.

ஆகவே முதலில் பெயரை மறந்துவிட்டு ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஆடுபவர் என்ன செய்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். நம் விளையாட்டுக்கு இப்படி வரும்: ‘எனக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கடைசி வயல் காய்ந்துவிடுமோ என்று பயப்படுகிறேன்.’ பெயர் இந்த வாக்கியத்துக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே தேடுங்கள்.

ஆடுபவரின் கை செய்யும் வேலையிலிருந்தும் நல்ல பெயர் பிறக்கும். ஸ்க்ராபிளுக்கு முதலில் லெக்சிகோ என்று பெயர். பிறகு குறுக்கு நெடுக்குச் சொற்கள் என்ற பொருளில் ஒரு பெயர் வந்தது. இரண்டும் பாடப்புத்தக வாடை அடித்தன. 1948இல் ஸ்க்ராபிள் என்று மாற்றினார்கள். அவசர அவசரமாகத் துழாவுவது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். எழுத்துகளைத் துழாவி எடுக்கும் விரல்கள் அந்தப் பெயரில் தெரிகின்றன.

படி 2: அந்தத் தொழிலில் இருப்பவர்களின் சொற்களைச் சேருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த வேலையைச் செய்பவர்களிடம் பேசுங்கள். ஏரிப் பாசனத்துக்கு ஆயிரம் ஆண்டுச் சொல்வளம் இருக்கிறது: மதகு, மடை, கலிங்கு, வாய்க்கால், வரத்துக் கால், தூர், குடிமராமத்து, தலைமடை, கடைமடை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது விளையாட்டில் எதற்குப் பொருந்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தாளிலேயே இருக்கட்டும்.

கிராமத்தில் ‘இன்னும் ஒரு தண்ணீர் விட்டால் விளைந்துவிடும்’ என்பார்கள். ஒரு தண்ணீர் என்றால் ஒரு முறை பாய்ச்சுவது. நீலக் கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நீர்த்துளி, நீர் அலகு என்றெல்லாம் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. ‘இந்த வயலுக்கு மூன்று தண்ணீர் வேண்டும்’ என்று விதியை எழுதினால், எண்ணுவதும் எளிது, பேச்சும் இயல்பு.

படி 3: தலைப்பைப் பொறுக்குங்கள்

நம் தாளில் நான்கு வேட்பாளர்கள் தேறுவதாக வைத்துக்கொள்வோம்: ‘ஏரி’, ‘நீர்ப் பங்கீடு’, ‘முறைத் தண்ணீர்’, ‘கடைமடை’.

‘ஏரி’யில் அச்சம் இல்லை, விட்டுவிடலாம். ‘நீர்ப் பங்கீடு’ அரசாணையின் தலைப்புப் போல இருக்கிறது. ‘முறைத் தண்ணீர்’ நல்ல பெயர். முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஊர் வழக்கம். விளையாட்டிலும் ஆளுக்கொரு முறை வரும். ஆனால் விதிப் புத்தகத்தை எழுதிப் பாருங்கள்: ‘உங்கள் முறை வரும்போது, முறைத் தண்ணீரில் முதல் முறையாக ஆடுபவர்...’ மூன்று முறைகள், மூன்று பொருள்கள். விதிப் புத்தகத்தில் தினமும் புழங்கும் முறை, சுற்று, காய், சீட்டு, கட்டம் போன்ற சொற்களைத் தலைப்பிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது. காய்கறிச் சந்தையைப் பற்றி விளையாட்டுச் செய்பவருக்கும் ‘காய்’ இதே தலைவலியைக் கொடுக்கும்.

மிஞ்சுவது ‘கடைமடை’. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். விளையாட்டின் அச்சம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கடை, மடை என்று எதுகையும் தானாக அமைந்துவிட்டது. இப்படிப்பட்ட பெயரை ஒரு தரம் கேட்டாலே போதும், நாவில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இதையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

முதல் சோதனை, தொலைபேசி. பெயரை மட்டும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழில் சரியாக எழுதுவார்கள். ரோமன் எழுத்தில் Kadaimadai, Kadai Madai என்று இரண்டு விதமாக வரும். நீங்கள் ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ழகரம் உள்ள பெயர்களில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது, ஊகம். விளையாட்டைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் பெயரைச் சொல்லி, இது எதைப் பற்றியது என்று கேளுங்கள். டெல்டாக்காரர் உடனே பாசனம் என்பார். நகரத்துப் பிள்ளை மளிகைக் கடை என்று நினைக்க வாய்ப்பு உண்டு. இதற்காகப் பெயரைத் தூக்கிப் போட வேண்டாம். துணைத்தலைப்பு அந்தக் குறையைத் தீர்க்கும்: ‘கடைமடை: நான்கு வயல், ஓர் ஏரி’. தலைப்பு மனத்தில் நிற்பதற்கு, துணைத்தலைப்பு விளக்குவதற்கு. இரண்டு வேலையையும் தலைப்பின் தலையிலேயே கட்டுவதால்தான் நீளமான, மறந்துபோகும் பெயர்கள் பிறக்கின்றன.

மூன்றாவது, வேற்றுமை உருபு. தமிழில் இது தனிச் சோதனை. ‘கடைமடையை எடு’, ‘கடைமடையில் வென்றேன்’, ‘கடைமடைக்கு எத்தனை பேர் வேண்டும்?’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்குத் தடுமாறவில்லை. ‘நீர்ப் பங்கீடு’ ‘நீர்ப் பங்கீட்டில்’ என்று உருமாறுகிறது. பேசுபவர்கள் அதைத் தாங்களாகவே சுருக்கிவிடுவார்கள். சுருக்கத்துக்குப் பெரிய வெளியீட்டாளர்களும் தப்பவில்லை. 1995இல் ஜெர்மனியில் ‘கடான் குடியேறிகள்’ என்ற பொருள்பட வந்த விளையாட்டு, 2015இல் பெட்டியிலேயே ‘கடான்’ என்று சுருங்கியது.

நான்காவது, தேடல். பெயரை இணையத்திலும், பலகை விளையாட்டுகளைப் பட்டியலிடும் BoardGameGeek தளத்திலும் தட்டிப் பாருங்கள். கடைமடை என்று தேடினால் காவிரிச் செய்திகள்தான் குவியும். வழக்கிலுள்ள சொல்லைத் தலைப்பாக வைத்தால் கொடுக்க வேண்டிய விலை இது. கடான் போலப் புனைந்த பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பெயர் களத்தைப் பற்றி எதையும் சொல்வதும் இல்லை. நான் வழக்குச் சொல்லின் பக்கம். விற்பனை எண்ணம் இருந்தால் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் 28ஆம் வகுப்பையும் பாருங்கள். விளையாட்டுகளும் பொம்மைகளும் அந்த வகுப்பில்தான் வருகின்றன.

படி 4: உறுப்புகளுக்குப் பெயர் வையுங்கள்

உறுப்பின் பெயர் விதியை நினைவுபடுத்த வேண்டும். கார்கசோன் விளையாட்டில் எல்லோரிடமும் ஒரே வகை மரப் பொம்மைகள்தான். நகரத்தில் வைத்தால் அது வீரன், சாலையில் வைத்தால் திருடன், மடத்தில் வைத்தால் துறவி, வயலில் படுக்க வைத்தால் உழவன். வயலில் படுத்தவன் ஆட்டம் முடியும்வரை எழுவதில்லை. பொருள் ஒன்றுதான், நான்கு பெயர்கள் இருப்பதால் நான்கு விதிகளும் குழம்பாமல் நிற்கின்றன.

நம் பழுப்பு வில்லைக்குத் ‘தூர்’ என்று பெயர். அதை எடுக்கும் செயலுக்குத் தனியாகப் பெயர் தேட வேண்டாம். ‘தூர் வாருதல்’ என்ற வினை கூடவே வருகிறது. நால்வரும் ஆளுக்கொரு நெல் கொடுத்தால்தான் செல்லுபடியாகும் சீட்டுக்கு, ஊரே கூடி ஏரியைச் சீரமைக்கும் வழக்கத்தின் பெயரான ‘குடிமராமத்து’ என்று வைத்தால், ஏன் எல்லோரும் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியே எழாது. ஏரியில் பத்துத் தண்ணீருக்கு மேல் சேர்ந்தால் மீதி வெளியேறும் இடம் ‘கலிங்கு’.

இப்போது பட்டியலை மேலிருந்து கீழாக உரக்கப் படியுங்கள். மடை, மதகு, மழை. மூன்றும் மகரத்தில் தொடங்குகின்றன. மடைக்கும் மழைக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் மேசையில் ‘மழையைத் திற’ என்று கேட்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. தலைப்பிலேயே இருப்பதால் மடையை விட முடியாது. மழைச் சீட்டை ‘மேகம்’ ஆக்கலாம் என்றால் அதுவும் மகரம்தான். ஆனால் ஓசை வேறு, போதும். மதகைத் தனி உறுப்பாக வைக்கத் தேவையே இல்லை. ஒரு பெயர் எங்கும் பொருந்தாமல் அடம்பிடித்தால், அந்த உறுப்பே விளையாட்டுக்குத் தேவைதானா என்று பாருங்கள்.

தண்ணீரைத் திறந்துவிடும் ஆளுக்குச் சில ஊர்களில் நீர்க்கட்டி என்று பெயர். ஆசையாக இருக்கும், ஆனால் அதைத் தேடிப் பாருங்கள், சினைப்பை நீர்க்கட்டி பற்றிய மருத்துவக் கட்டுரைகள்தான் வரும். தென்மாவட்ட வழக்கான ‘நீர்பாய்ச்சி’ இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கற்க வேண்டிய சொற்கள் நான்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பட்டியலில் தூர், கலிங்கு, குடிமராமத்து, நீர்பாய்ச்சி என்று அந்த நான்கும் நிரம்பிவிட்டன. மதிப்பெண்ணை ‘களஞ்சியப் புள்ளி’ என்றெல்லாம் அலங்கரிக்க வேண்டாம். நெல் நெல்லாகவே இருக்கட்டும்.

படி 5: மேசையில் காது கொடுங்கள்

பெயர் எழுதாத மாதிரிப் பலகையைக் கொடுத்து ஆடவிட்டு, அவர்கள் எதை எப்படி அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்கசோன் பொம்மையை ஆங்கில விதிப் புத்தகம் ‘பின்பற்றுபவர்’ என்றது. 2000இல் அமெரிக்காவில் அதை ஆடிய ஒருவர் ‘மீப்பிள்’ என்று விளையாட்டாகச் சொன்னது உலகம் முழுக்கப் பரவி, இன்று எந்த விளையாட்டின் மர ஆளுக்கும் அதுவே பெயர். ஆடுபவர்கள் எல்லோரும் தூர் வில்லையைச் ‘சேறு’ என்று சொன்னால், சேறு என்றே மாற்றிவிடலாமா என்று யோசியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

பெயர் முடிவான பிறகே அட்டைப் படத்துக்கு ஓவியரைத் தேடுங்கள். அலமாரியில் கண்ணுக்குத் தெரிவது பெட்டியின் ஒடுங்கிய பக்கவாட்டுதான். அதில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ‘டை’யின் கொம்பு தனி வரியில் போய் உட்கார்ந்துவிடும். சில வடிவமைப்பு மென்பொருள்களில், இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால், கிடைமட்டத்திலேயே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பெட்டியின் ஆறு பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.