நின்றால் மட்டும் திரும்பிக்கொண்ட அம்பு

நான்கு நாளாக மேப் என்னை ஒருவழிப் பாதைகளில் எதிர்த்திசையில் போகச் சொன்னது. ஒருமுறை ‘நுழையாதே’ பலகைக்கு நேர் கீழே போய் நின்றேன்.

முதலில் மேப்தான் பழசு என்று நினைத்து ஆப்பை அப்டேட் செய்தேன். பயனில்லை. கார் மோடிலிருந்து இருசக்கர மோடுக்கு மாற்றினேன். போனை எட்டு வடிவில் சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்தால், ஹோல்டரில் வைத்ததும் பழைய கதைதான்.

அப்புறம்தான் கவனித்தேன்: வண்டி ஓடும்போது மேப்பில் என் திசையைக் காட்டும் அம்பு ஒழுங்காக இருக்கிறது. சிக்னலில் நின்றதும் மெல்லப் பின்பக்கம் திரும்புகிறது, படமும் கூடவே சுழல, வழி எதிர்த்திசையில் தெரிகிறது. ஓடும்போது போன் ஜிபிஎஸ் நகர்வை வைத்துத் திசையை அறியும். நின்றால் உள்ளிருக்கும் திசைகாட்டியை நம்பும். என் ஹோல்டரோ காந்தத்தால் பிடிப்பது! போனைக் கழற்றிக் கையில் பிடித்தேன், அம்பு தானாக நேரானது.

காந்தமில்லாத கிளாம்ப் ஹோல்டர் மாட்டினேன். வரைபடத்தையும் வடக்கு மேலே இருக்கும்படி வைத்தேன். நின்றாலும் படம் சுழலாது. இப்போது சரி. நேரத்தைப் பொறுத்து மாறும் தடைகளை மட்டும் மேப் சில சமயம் தவறவிடுகிறது, அதற்குப் பலகையைத்தான் பார்க்கிறேன்.