கற்பித்தல் அறிக்கையில் வகுப்பறையைக் காணோம்

விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆய்வு மாணவர்கள் தங்கள் கற்பித்தல் அறிக்கையை, அதாவது டீச்சிங் ஸ்டேட்மென்டை, என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. எழுத்துப்பிழை, பக்க அளவு போன்றவற்றை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, விண்ணப்பத்தையே கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கொள்கையை எழுதி, வகுப்பை விட்டுவிடுவது

"மாணவர்களை மையமாகக் கொண்ட கற்பித்தலில் நம்பிக்கை உள்ளவன் நான். விமர்சனச் சிந்தனையை ஊக்குவிக்கிறேன்." இந்த இரண்டு வரிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பொய் என்பதால் அல்ல. எழுதியவர் பெரும்பாலும் நன்றாகவே பாடம் எடுப்பவர். ஆனால் இதை வேதியியல்காரரும் எழுதலாம், வரலாற்றுக்காரரும் எழுதலாம், வகுப்பறைக்குள் கால் வைக்காதவரும் எழுதலாம். தேர்வுக்குழு தெரிந்துகொள்ள விரும்புவது, உங்கள் வகுப்பில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை.

ஒரு இயற்பியல் ஆய்வு மாணவி, இளநிலை முதலாமாண்டுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர், இதேபோல் எழுதிக் கொண்டுவந்தார். "சரி, மாணவர்கள் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். உடனே மின்சுற்று பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரே மாதிரியான மூன்று பல்புகள். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் முதலில் அ. அதற்கு அப்புறம் ஆ, இ இரண்டும் பக்க இணைப்பில். இப்போது இ-யைக் கழற்றினால் மற்ற இரண்டின் வெளிச்சம் என்னவாகும்? அ மாறாது என்றார்கள் பலர். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் இ போனதும் சுற்றின் மொத்த மின்தடை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காகிறது. மின்னோட்டம் குறைகிறது, அ மங்குகிறது. அந்தக் குறைந்த மின்னோட்டம் முழுவதும் இப்போது ஆ வழியாகவே போவதால், ஆ முன்பைவிடப் பிரகாசமாகிறது.

இதே மாணவர்கள்தான் ஓம் விதியை வைத்து இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டவர்கள். அதைக் கண்டதும் அடுத்த பருவத்தில் அவர் வரிசையை மாற்றினார். முதலில் ஒவ்வொருவரும் ஊகத்தைக் காரணத்தோடு எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், அதற்குப் பின் சுற்றை அமைத்துப் பார்ப்பது. கணக்கு கடைசியில்தான். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கடையில் வாங்கிய பல்புகள் எல்லாம் ஒன்றுபோல் எரியவில்லை. ஆ, இ இரண்டும் தொடக்கத்திலேயே வெவ்வேறு வெளிச்சத்தில் இருந்ததால் சில குழுக்கள் தவறான முடிவுக்குப் போயின. அதன்பிறகு பல்புகளை முன்கூட்டியே ஒரே பேட்டரியில் எரியவைத்துப் பார்த்து, ஒத்துப்போகிறவற்றை மட்டும் எடுத்துவைத்தார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இது ரொம்பச் சின்ன விஷயம் இல்லையா சார்?" என்றார். அந்தத் தயக்கம்தான் பலருடைய அறிக்கையை வெறும் முழக்கமாக்குகிறது. மேலே உள்ள இரண்டு பத்திகளை எழுதினால் போதும். மாணவர் மையம் என்ற சொல்லே தேவைப்படாது.

முறையின் பெயரைச் சொல்லி நிறுத்துவது

ஹார்வர்டின் எரிக் மசூர் உருவாக்கிய பியர் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பின்பற்றுகிறேன் என்று எழுதினால், நீங்கள் கேட்ட ஒரு கேள்வியையும் எழுதுங்கள். தனியாகப் பதில், விவாதம், மறுபடி பதில் என்ற அதன் வரிசை தேர்வுக்குழுவில் பலருக்கும் தெரிந்ததுதான். கிட்டத்தட்ட எல்லாருமே முதல் முறையே சரியாகச் சொல்லிவிட்டால் விவாதத்தில் பயனில்லை. பெரும்பாலோர் தவறினால் விவாதிக்கவே ஆளிருக்காது. அப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் அனுபவம் தெரியும்.

"மாணவர்கள் மகிழ்ந்தார்கள்"

சான்று ஆகாது. அவர்கள் எழுதிய விடையைக் காட்டுங்கள், பெயரில்லாமல்.

எல்லாம் வெற்றியில் முடிவது

சுயபரிசீலனை என்ற தலைப்பின் கீழ், முயன்றேன், சிறப்பாக நடந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த மாணவியின் வகுப்பில் பல்புக் கேள்விக்கு மாணவர்கள் சரியான விடைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தேர்வில், ஒரு பல்பின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் என்னவாகும் என்று கேட்டபோது சிலர் பழைய எண்ணத்துக்கே திரும்பினார்கள். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். மின்னழுத்த வேறுபாட்டுக்கு வோல்ட்மீட்டரோடு தனியாக ஒரு வகுப்பு எடுக்கப்போவதாகவும், அதே வகைக் கேள்வியை மறுபடி கேட்டுப் பார்க்கப்போவதாகவும் சேர்த்து எழுதினார்.

எல்லாத் துறைக்கும் ஒரே அறிக்கை

வேண்டாம். அந்தத் துறையின் பாடத்திட்டத்தை எடுத்து, நீங்கள் நடத்தக்கூடிய ஒரு தாளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆய்வகத்தில் இருபது பேருக்குச் செய்த பயிற்சியை இருநூறு பேர் இருக்கும் அரங்கில் எப்படிச் செய்வீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். பல்புகளை எல்லாருக்கும் தர முடியாது. மேசையில் ஒரே சுற்றை வைத்து, கை உயர்த்தச் சொல்லி ஊகத்தை வாங்கிவிட்டுக் கழற்றிக் காட்டலாம். இதற்கு அறிக்கையிலேயே ஒரு வாக்கியம் ஒதுக்கிவிடுங்கள்.