எமர்ஜென்சி டிராலி தினசரி சோதனை: சீல் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பிளாஸ்டிக் சீல் டேக் உடையாமல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரெஜிஸ்டரில் டிக் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. உடையாத சீல், கடைசியாகப் பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அதையும் எண்ணைப் பார்த்தால்தான் சொல்லும்.

1. சீல் எண். டேக்கில் உள்ள எண்ணை நேற்றைய பதிவோடு ஒப்பிடுங்கள். ரெஜிஸ்டரில் 4518, டிராலியில் 4531 என்றால், யாரோ திறந்து, மருந்தை எடுத்து, புது டேக் போட்டுவிட்டு எழுத மறந்திருக்கிறார்கள். சீலை உடைத்துப் பட்டியல்படி எல்லாவற்றையும் எண்ணுங்கள். அட்ரினலின் 10 ஆம்பூல் இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தால், மூன்றை நிரப்பிய பிறகே புது டேக் போட்டு, அதன் எண்ணையும் திறந்த காரணத்தையும் எழுதுங்கள்.

2. காலாவதி. இதற்காகத் தினமும் சீலை உடைக்க வேண்டாம். பூட்டும்போதே, உள்ளே இருப்பவற்றில் முதலில் காலாவதியாகும் பொருளின் பெயரையும் தேதியையும் வெளியே ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிட்டால், தினமும் அதைப் பார்த்தால் போதும். லேபிளில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம்.

ஏமாற்றுவது சக்ஸமெத்தோனியம் போன்ற ஃபிரிட்ஜ் மருந்துகள். வெளியே எடுத்து வைத்ததும் லேபிளில் உள்ள தேதி செல்லாது. எடுத்த நாளிலிருந்து புதுக் கணக்கு. பல தயாரிப்புகளுக்கு அது 14 நாள்தான். உங்கள் குப்பியோடு வந்த தாளில் பாருங்கள். எடுத்த தேதி எழுதாத குப்பியை மாற்றிவிடுவதே சரி.

3. டிஃபிப்ரிலேட்டர். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மின்சாரத்தில் இருக்கும்போது, பேட்டரி செத்திருந்தாலும் பல கருவிகள் நன்றாகவே ஓடும். நோயாளியிடம் தள்ளிக்கொண்டு போனபின்தான் அணையும். எத்தனை ஜூலில் சோதிப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஒட்டும் பேடுகளுக்கும் காலாவதி உண்டு. உறை கிழிந்திருந்தால் ஜெல் காய்ந்திருக்கும். முடித்ததும் பிளக்கைத் திரும்பச் செருகி, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். சோதனைக்குக் கழற்றியதைச் செருக மறந்தே பேட்டரி தீர்ந்த கதைகள் நிறைய.

4. ஆக்சிஜன், சக்‌ஷன். சிலிண்டர் வால்வு மூடியிருக்கும்போது ரெகுலேட்டரில் தங்கிய அழுத்தத்தையே முள் காட்டும். திறந்து, வாயுவை ஓடவிட்டுப் பாருங்கள். முள் சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் காலி. பிறகு வால்வை மூடி, மிச்ச வாயுவை வெளியேற்றுங்கள். சக்‌ஷனை ஓடவிட்டுக் குழாய் முனையை மடக்கிப் பிடித்தால் முள் 300 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டும். ஏறவில்லையென்றால் முதலில் ஜாடி மூடியை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான்.

5. ஆம்பு பை. நோயாளி பக்கத் துவாரத்தை உள்ளங்கையால் அடைத்து அமுக்குங்கள். பை எதிர்த்து நிற்க வேண்டும். சுலபமாகச் சுருங்கினால் வால்வு சரியில்லை. உடனே வேறு பை வையுங்கள், பழுதானதை டிராலியிலேயே விட்டுவிடாதீர்கள்.